உங்கள் வாட்சுக்கு இப்போது மணி என்ன? ஆட்டோமேட்டிக் வாட்சில் தேதி மாற்றும் முன் பார்க்க வேண்டியது

போன டிசம்பர் முதல் வாரம், புதன்கிழமை இரவு. பெரம்பூரிலிருந்து சித்தப்பா வந்தார். கையில் இருந்த வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னடா இது, மூணு நாளா ராத்திரி தேதி மாறவே மாட்டேங்குது. தினம் காலைல நான்தான் திருப்பி வைக்கிறேன்" என்றார். கிழமையும் தேதியும் காட்டுகிற ஜப்பானிய ஆட்டோமேட்டிக் அது, கை அசைவிலேயே சாவி ஏறும் வகை. ஒன்பது வருடமாக எந்தத் தொந்தரவும் கொடுக்காத வாட்ச்.

"எப்பலருந்து சித்தப்பா?"

"திங்கக்கிழமைலருந்து. ஒண்ணாந்தேதி. காலைல எடுத்தேன், நின்னு போயிருந்துச்சு. தேதியைத் திருப்பினேன், மணியை வச்சேன், கிளம்பிட்டேன்."

"தேதியைத் திருப்பும்போது முள்ளு எங்க இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "பதினொண்ணைத் தாண்டி. பதினொண்ணு பத்து இருக்கும்."

வாட்ச் பழக்கமுள்ளவர்களுக்கு இவ்வளவு சொன்னாலே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும். சித்தப்பாவுக்கும் ஒரு விதி தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தேதியைத் தொடக்கூடாது என்று வாங்கிய கடையிலேயே சொல்லியிருக்கிறார்கள். "நான் ராத்திரி தொடலயேடா, காலைல ஏழரைக்குத்தானே தொட்டேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சிக்கலே அதில்தான் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் என்ன மணி என்பது வாட்சின் மிஷினுக்குத் தெரியாது. அதன் பல்சக்கரங்கள் எந்த நிலையில் நின்றனவோ அதுதான் அதற்கு மணி. சித்தப்பாவுக்குத் திங்கள் காலை ஏழரை. வாட்சுக்கு அது ஞாயிறு இரவு பதினொன்று பத்து.

டயலுக்குக் கீழே என்ன நடக்கிறது

தேதி எண்கள் அச்சிட்ட வளையம் டயலுக்கு அடியில் இருக்கிறது. அதன் உள் விளிம்பில் 31 பற்கள், நாளுக்கு ஒரு பல். வளையம் தானாக நகராமல் இருக்க ஒரு சின்ன ஸ்பிரிங் கை இரண்டு பற்களுக்கு நடுவே உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். எண் ஜன்னலின் நடுவில் நேராக நிற்பது அந்தப் பிடியால்தான்.

வளையத்தைத் தள்ளுவதற்கு இன்னொரு சக்கரம் உண்டு. மணி முள்ளின் சக்கரத்திலிருந்து சுழற்சியை வாங்கி, 24 மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றும். அதன் ஓரத்தில் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. நாள் முழுக்க அந்த விரல் வெறும் வெளியில் பயணம் செய்யும். இரவு ஒன்பது, பத்து மணி வாக்கில் வளையத்தின் பற்களுக்கிடையே நுழைந்து, முன்னால் இருக்கும் பல்லை மெதுவாகத் தள்ளத் தொடங்கும். ஸ்பிரிங் கை மெல்ல மேலே ஏறும். பல்லின் உச்சியைத் தாண்டியதும் மறுபக்கம் சரிந்து, அடுத்த எண்ணை இடத்தில் உட்கார வைக்கும். விரல் பற்களை விட்டு முழுதாக வெளியேற இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

அந்தச் சக்கரம் மணிக்கு 15 பாகைதான் நகர்கிறது. ஆகவே நமக்கு நள்ளிரவில் டக்கென்று எண் மாறியதாகத் தெரிந்தாலும், உள்ளே அது பல மணி நேர வேலை. கிழமையும் காட்டும் வாட்சுகளில் இன்னும் நீளம். சீக்கோவின் 7எஸ்26 போன்ற மிஷின்களில் கிழமைத் தகடு இரண்டு மொழிகளில் அச்சிடப்பட்டிருக்கும், ஏழு நாளுக்குப் பதினான்கு பெயர்கள். உங்கள் மொழியில் அடுத்த நாள் வர, தகடு இரண்டு படி நகர வேண்டும். அதிகாலை ஒன்றரை, இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் கிழமை வேறு மொழியில் நிற்பதைக் காணலாம். பழுது என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். பழுதில்லை, பாதி வழியில் இருக்கிறது. இரண்டாவது படியும் முடிய மூன்று, நான்கு மணி ஆகிவிடும். இரவு 9 முதல் அதிகாலை 4 வரை தொடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

குயிக் செட் ஏன் சண்டையில் முடிகிறது

வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் திருகு குமிழான கிரவுனை ஒரு கிளிக் இழுத்துத் திருகினால் முள் நகராமல் தேதி மட்டும் ஓடுகிறதே, அதற்குப் பெயர் குயிக் செட். பழைய தேதி வாட்சுகளில் இந்த வசதி கிடையாது. 1945-இல் வந்த ரோலெக்ஸ் டேட்ஜஸ்டில்கூட, 1977-இல் 3035 மிஷின் வரும் வரை, முள்ளைச் சுற்றித்தான் தேதியைக் கொண்டுவர வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் அதில் விரலும் வளையமும் எப்போதும் ஒரே ஓட்டத்தில் போகும், ஒன்றோடொன்று மோதாது. குயிக் செட் வந்த பிறகு வளையத்தைத் தள்ள இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். ஒன்று, இரவில் வரும் விரல். இன்னொன்று, கிரவுன் வழியாக நாம் திருப்பும் சின்னத் திருத்தும் சக்கரம். இருவரும் ஒரே நேரத்தில் வளையத்தைத் தொட்டால்தான் வம்பு.

மணி பதினொன்று பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் இரண்டு பற்களுக்கு நடுவே நிற்கிறது. முன்னால் ஒரு பல், பின்னால் ஒரு பல். நாம் குயிக் செட்டைத் திருப்புகிறோம். வளையம் முன்னோக்கி நகர்கிறது. முன்னால் இருந்த பல் விரலை விட்டு விலகிப் போகிறது, அதில் கெடுதல் இல்லை. ஆனால் பின்னால் இருந்த பல் வந்து விரலின் முதுகில் இடிக்கிறது. வளையம் ஒரு முழு எண் நகர வேண்டுமென்றால் அந்தப் பல் விரலைத் தாண்டியே ஆக வேண்டும்.

விரல் வழிவிடக் கூடாதா, சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடக் கூடாதா என்று கேட்கலாம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். விரல் இருக்கும் சக்கரம் நாளுக்கு ஒரு சுற்று. அது மணிச் சக்கரத்தோடும், அதன் வழியாக நிமிட முள்ளோடும் பல்லால் கோக்கப்பட்டிருக்கிறது. நிமிட முள் நாளுக்கு 24 சுற்று. வேகமான பக்கத்திலிருந்து மெதுவான பக்கத்தைத் திருப்புவது சுலபம், மிஷின் தினமும் அதைத்தான் செய்கிறது. மெதுவான பக்கத்தைப் பிடித்துத் தள்ளி வேகமான பக்கத்தைச் சுழற்றுவது கடினம். நிமிட முள்ளின் அடியில் இருக்கும் உராய்வுப் பிடி, விரல் பக்கத்திலிருந்து பார்த்தால் 24 மடங்கு இறுக்கமாகத் தெரியும். கடைசிப் பெட்டியைப் பிடித்து ரயிலைத் தள்ளப் பார்ப்பது மாதிரி. அது அசையாது. ஆகவே எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். பெரும்பாலும் விரல், சில நேரம் வளையத்தின் பல்.

விலை குறைந்த பல மிஷின்களில் அந்தத் தள்ளும் சக்கரமும் விரலும் பிளாஸ்டிக்கில் இருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் விரல் கொஞ்சம் வளைந்து வழிவிட்டு மீண்டும் நிமிரும், அதனால் ஒருமுறை தவறு செய்தாலும் பலருக்கு எதுவும் ஆவதில்லை. பின்பக்கம் சரிவாக்கி, பல் வந்தால் விலகிக்கொடுக்கும்படி விரலை அமைத்த மிஷின்களும் உண்டு. எந்த மணிக்கும் மாற்றலாம் என்று கையேட்டிலேயே சொல்லும் வாட்சுகளும் இருக்கின்றன. ஆகவே பத்தரைக்குத் தேதி மாற்றினால் அன்றே உடையும் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது வருடம் வளைந்து கொடுத்த விரல் பத்தாவது வருடம் வெடிப்பு விட்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நின்றுபோன வாட்ச் ஏன் அடிக்கடி பன்னிரண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது

இந்த விஷயத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஆனால் இதைப் பேசுகிறவர்கள் குறைவு. ஆட்டோமேட்டிக் வாட்சைக் கழற்றி வைத்தால் சாதாரணமாக 40 மணி நேரம் ஓடும். கடைசிச் சில மணி நேரத்தில் மிஷினை ஓட்டும் பெரிய ஸ்பிரிங்கில் வலு மிகக் குறைவாக இருக்கும். வெறுமனே முள்ளைச் சுற்ற அது போதும். தேதி வளையத்தை ஸ்பிரிங் கையின் பிடியை மீறித் தள்ளப் போதாமல் போகலாம். அந்த வேலை வருகிற நேரத்தில் வாட்ச் மூச்சு வாங்கி நின்றுவிடும். விரல் பல்லில் பட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும் நிலையிலேயே நின்றுவிடும்.

சித்தப்பாவின் வாட்சில் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நவம்பர் 29 சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குளிக்கப் போகும்போது கழற்றி அலமாரியில் வைத்தார். அன்றும் மறுநாளும் கட்டவில்லை. 40 மணி நேரம் கூட்டினால் ஞாயிறு இரவு பதினொன்று. நின்றதோ பதினொன்று பத்து. ஜன்னலில் 30 என்ற எண் நடுவில் இல்லாமல் லேசாக ஒரு பக்கம் ஒதுங்கி நின்றதாகவும் நினைவுபடுத்திச் சொன்னார். அது பெரிய தடயம். எண் ஜன்னலில் கோணலாகவோ பாதியாகவோ நின்றால், விரல் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது குயிக் செட் பக்கமே போகக் கூடாது.

எண் நேராக நின்றாலும் நிம்மதி அடைய முடியாது. விரல் பற்களுக்கிடையே நுழைந்து, இன்னும் தள்ளத் தொடங்காத நேரமும் உண்டு. அதோடு இன்னொரு சிக்கல்: முள் 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, விரல் சக்கரம் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. பதினொன்று பத்து என்பது பகலாகவும் இருக்கலாம், இரவாகவும் இருக்கலாம். பகலென்றால் விரல் எதிர்ப்பக்கம் இருக்கும், தேதியைத் தாராளமாகத் திருப்பலாம். இரவென்றால் உள்ளே இருக்கும். டயலைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

சரியான முறை: அந்தத் திங்கட்கிழமையையே எடுத்துக்கொள்வோம்

நிலைமை இது. நிஜத்தில் டிசம்பர் 1, திங்கள், காலை 7:40. வாட்ச் நின்றிருக்கிறது, முள் 11:10-இல், ஜன்னலில் 30, கிழமை ஞாயிறு. நவம்பருக்கு 30 நாள்தான். ஆனால் வளையத்தில் 31 எண்கள் இருப்பதால் 30-க்குப் பிறகு 31 வந்து, அதன் பிறகே 1 வரும்.

முதலில் வாட்சுக்குக் கொஞ்சம் உயிர் கொடுங்கள். கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்கும் வசதி இருந்தால், இருபது, முப்பது சுற்று கொடுக்கலாம். 7எஸ்26 போன்றவற்றில் அந்த வசதி இல்லை. கிடைமட்டமாகப் பிடித்து அரை நிமிடம் மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டினால் ஓடத் தொடங்கும். கிரவுன் மரை போட்டு இறுக்கும் வகையென்றால், முதலில் அதைக் கழற்றித் தளர்த்த வேண்டும்.

அடுத்து, கிரவுனைக் கடைசிவரை, அதாவது முள் நகரும் நிலை வரை இழுங்கள். முதல் கிளிக்கில் நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில்தான் சித்தப்பா தவறினார். தேதி தப்பாக இருக்கிறது என்று கண்ணில் பட்டதும் கை நேராகத் தேதிக்குப் போய்விட்டது. முதலில் முள், பிறகுதான் தேதி. இந்த வரிசை மாறவே கூடாது.

முள்ளை முன்னோக்கி, மெதுவாகச் சுற்றுங்கள். 12-ஐத் தாண்டும்போது ஜன்னலைப் பாருங்கள். இந்த வாட்சில் 30 நகர்ந்து 31 வரும். அப்போது நமக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது: தாண்டியது நள்ளிரவு, ஆகவே வாட்ச் இப்போது அதிகாலையில் இருக்கிறது. நிறுத்தாமல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கொண்டுபோய் ஆறில் நிறுத்துங்கள். வழியில் கிழமையும் வேறு மொழி வழியாகத் திங்களுக்கு வந்து சேரும். ஒருவேளை 12-ஐத் தாண்டியும் தேதி மாறாவிட்டால், தாண்டியது நண்பகல். அப்போதும் ஆறுக்கே கொண்டுபோங்கள், அது மாலை ஆறாக இருக்கும்.

ஆறு மணி என்பதில்தான் இந்த முறையின் பலமே இருக்கிறது. காலை ஆறானாலும் மாலை ஆறானாலும் விரல் பற்களிலிருந்து விலகித்தான் இருக்கும். இரவா பகலா என்ற சந்தேகத்துக்கு அந்த இடத்தில் மதிப்பே இல்லை. ஆனால் அங்கே போகிற வழி முக்கியம். 11:10-லிருந்து ஆறுக்குப் பின்னோக்கிச் சுற்றுவதுதான் குறுக்கு வழி என்று தோன்றும். வேண்டாம். விரல் பல்லில் பட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் இழுத்தால் அதே மோதல் எதிர்த்திசையில் நடக்கும். பல மிஷின்கள் தாங்கும், பழையவை சில தாங்காது. முன்னோக்கிப் போனால் எந்த மிஷினுக்கும் ஆபத்தில்லை, அது தினமும் போகிற வழிதானே.

இப்போது முள் ஆறில். கிரவுனை ஒரு கிளிக் உள்ளே தள்ளி, குயிக் செட் நிலைக்கு வாருங்கள். ஒரு பக்கம் திருகினால் தேதி, மறுபக்கம் திருகினால் கிழமை. இந்த உதாரணத்தில் 31-ஐ ஒரு படி நகர்த்தினால் 1. கிழமை ஏற்கெனவே திங்களில் நிற்கிறது, தொட வேண்டியதில்லை. ஒவ்வொரு எண்ணும் மென்மையாக ஏறி, தெளிவாக ஒரு இடத்தில் உட்கார வேண்டும். கரகரப்போ பிடிப்போ விரலுக்குத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் கொடுக்க வேண்டிய வேலையே இதில் எதுவும் இல்லை.

கடைசியாகக் கிரவுனை மீண்டும் முழுக்க இழுத்து, முள்ளை முன்னோக்கி 7:40-க்குக் கொண்டுவந்து, உள்ளே அழுத்தி மூடுங்கள். மரைக் கிரவுனை மறக்காமல் இறுக்குங்கள். நம் ஊர் வேர்வைக்கும் கடற்காற்றுக்கும் திறந்திருக்கும் கிரவுன் ஒரு வாசல்.

இங்கே வாட்ச் அதிகாலையில் இருந்தது நமக்குத் தெரியும். நள்ளிரவைத் தாண்டுவதைப் பார்க்காமல் நேராக ஆறுக்கு வந்துவிட்டீர்கள், காலையா மாலையா என்று தெரியவில்லை என்றால் என்ன செய்வது? ஆறில் நின்று, இன்றைய தேதிக்குப் பதிலாக நேற்றைய தேதியையும் நேற்றைய கிழமையையும் வையுங்கள். பிறகு முள்ளை முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருங்கள். எப்போது தேதி இன்றைக்கு மாறுகிறதோ அதுதான் நள்ளிரவு. அங்கிருந்து நேரே காலை 7:40-க்கு வந்தால் முடிந்தது. மாலையில் வைக்கிறீர்கள் என்றால் நண்பகல் 12-ஐ இன்னொரு முறை தாண்டுங்கள். நண்பகலில் தேதி மாறுகிறது என்று புலம்புகிறவர்களின் வாட்ச் கெட்டுப்போகவில்லை, 12 மணி நேரம் பிசகி வைக்கப்பட்டிருக்கிறது. 

இந்த வேலை நமக்கு எப்போது வரும் என்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். 31 இல்லாத மாதங்கள் முடிந்த மறுநாட்கள்: மார்ச் 1, மே 1, ஜூலை 1, அக்டோபர் 1, டிசம்பர் 1. வாட்ச் ஓடிக்கொண்டிருந்தால், அன்று காலை முள் ஐந்தைத் தாண்டிய பிறகு, இரவு ஒன்பதுக்குள் எப்போது வேண்டுமானாலும் குயிக் செட்டில் மாற்றலாம். பலர் முந்தின இரவு படுக்கப் போகும்போது, "நாளைக்கு ஒண்ணாம் தேதி" என்று நினைவு வந்ததும் மாற்றுகிறார்கள். பத்தரை, பதினொன்று. இருப்பதிலேயே மோசமான நேரம்.

உங்கள் வாட்சின் எல்லையைக் கண்டுபிடிக்க

9 முதல் 4 என்பது பொதுவான எல்லை. உங்கள் மிஷினின் எல்லை இதைவிடக் குறுகலாக இருக்கலாம். என்எச்35 போல கிழமை இல்லாத மிஷின்கள் தேதியை மட்டும் தள்ளுவதால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். கையேடு இருந்தால் அதில் சொல்வதே இறுதி. இல்லையென்றால், ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து சோதிக்கலாம். மாலை ஆறில் தொடங்கி முள்ளை மிக மெதுவாக முன்னோக்கிச் சுற்றுங்கள். எண் முதன்முதலில் அசையும் இடத்தையும், கடைசியாக நேராக உட்காரும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிழமைக்கும் அப்படியே. சித்தப்பாவின் வாட்சில், பழுது பார்த்த பிறகு, தேதி 10:40-க்கு அசையத் தொடங்கி 12:05-க்கு உட்கார்ந்தது. கிழமை மூன்றரையைத் தாண்டிப் போனது.

ஆனால் 10:40 வரை பாதுகாப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. எண் அசைவதற்கு முன்பே விரல் பற்களுக்குள் வந்திருக்கும். நீங்கள் பார்த்த எல்லைக்கு இரு பக்கமும் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். என்னைக் கேட்டால், இந்தச் சோதனை தெரிந்துகொள்வதற்கு மட்டும்தான். தேதி மாற்றும்போது ஆறுக்கே போங்கள்.

குயிக் செட் இல்லாத பழைய வாட்சுகளுக்கு வேறு வழி. அவற்றில் பலவற்றில் நள்ளிரவைத் தாண்டி, முள்ளை எட்டு, ஒன்பது வரை பின்னால் கொண்டுவந்து, மீண்டும் 12-ஐத் தாண்டுவார்கள். அது அந்த மிஷின்களுக்கென்று சொல்லப்பட்ட முறை. உங்கள் வாட்சுக்கும் பொருந்தும் என்று உறுதியாகத் தெரியாமல் செய்யாதீர்கள். முழுக்க முன்னோக்கியே சுற்றினால் நேரம் பிடிக்கும், ஆனால் ஒன்றும் உடையாது.

ஏற்கெனவே மாற்றிவிட்டீர்களா?

பதற வேண்டாம். மீண்டும் குயிக் செட்டைத் திருப்பிப் பார்க்காதீர்கள். முள்ளை முன்னோக்கி ஆறுக்குக் கொண்டுபோங்கள். பிறகு ஒரு முழு நாளை முள்ளால் ஓட்டி, நள்ளிரவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அன்றிரவு மட்டும் தேதி மாறத் தவறி, மறுநாள் இரவிலிருந்து ஒழுங்காக மாறினால், பெரும்பாலும் விரல் வளைந்து தப்பித்திருக்கிறது.

உடைந்திருந்தால் எது உடைந்தது என்பதை வெளியிலிருந்தே ஓரளவு சொல்லலாம். கையால் திருப்பினால் தேதி ஒழுங்காக ஏறுகிறது, இரவில் மட்டும் மாறவில்லை என்றால் விரல் போயிருக்கிறது. இரவில் ஒழுங்காக மாறுகிறது, கையால் திருப்பினால் வழுக்குகிறது என்றால் திருத்தும் சக்கரம். எண் எந்த இடத்திலும் உறுதியாக உட்காராமல் லொடலொடவென்று ஆடினால் ஸ்பிரிங் கை. மாதத்தில் ஒரே ஒரு குறிப்பிட்ட தேதியில் மட்டும் தவறு வந்தால் வளையத்தில் ஒரு பல் சேதமாகியிருக்கலாம்.

சித்தப்பாவின் வாட்சை அன்றிரவு இப்படித்தான் பார்த்தேன். ஆறில் வைத்துத் திருப்பினால் தேதி வெண்ணெய் மாதிரி ஏறியது. முள்ளால் நள்ளிரவைத் தாண்டினால் தேதி அசையவே இல்லை, கிழமை மட்டும் மாறியது. கிழமையையும் தேதியையும் தள்ளும் விரல்கள் ஒரே சக்கரத்தில் இருக்கின்றன. கிழமை மாறுகிறதென்றால் சக்கரம் சுற்றுகிறது. ஆகவே தேதி விரல் மட்டும் உடைந்திருக்கிறது.

"திங்கக்கிழமை திருப்பும்போது ஏதாவது சத்தம் கேட்டுச்சா சித்தப்பா?"

"முதல் நம்பர் கொஞ்சம் இறுக்கமா வந்துச்சுடா. அப்புறம் கட்டுன்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் லேசாயிடுச்சு. ஓகே, சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

லேசானது, தடுத்துக்கொண்டிருந்தது உடைந்துபோனதால்.

அந்த நிலையில் வாட்சைக் கட்டிக்கொண்டே இருப்பது நல்லதல்ல என்று அவரிடம் சொன்னேன். உடைந்த துண்டு உள்ளே எங்கேயோ கிடக்கிறது. அது வேறு பல்லுக்கிடையே சிக்கினால் வாட்சே நின்றுவிடும். தேதி தவறினால் பரவாயில்லை, கையால் மாற்றிக்கொள்கிறேன் என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இந்தத் துண்டை நினைத்துப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை பாரிமுனைப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். நாற்பது வருடமாக அதே மேசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். தேதி வேலை முழுவதும் டயலுக்கு அடியில் இருப்பதால், பின்மூடியைத் திறப்பதோடு முடியாது. மிஷினை வெளியே எடுத்து, முள்களையும் டயலையும் கழற்ற வேண்டும். நல்ல கை வேண்டும் என்பதற்கு இதுவே காரணம், அவசரத்தில் முள் இழுத்தால் டயலில் கீறல் விழும். பெரியவர் கண்ணில் லென்ஸ் மாட்டி அரை மணி நேரத்தில் திறந்துவிட்டார். தள்ளும் சக்கரத்தைச் சிமிட்டாவில் தூக்கி எங்களிடம் காட்டினார். பழுப்பேறிய பிளாஸ்டிக் சக்கரம், ஒரு விரல் முழுசாக, இன்னொன்று அடியோடு போயிருந்தது. துண்டு தேதி வளையத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நீங்கள் கடைக்குப் போனால், கழற்றிய சக்கரத்தையும் உடைந்த துண்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சக்கரத்தை மாற்றித் துண்டை உள்ளேயே விட்டுவிட்டால் வேலை பாதிதான். மாற்றுச் சக்கரம் அதே மிஷின் எண்ணுக்குரியதா என்றும் கேளுங்கள், எண் பெரும்பாலும் மிஷினிலேயே பொறித்திருக்கும். எளிதாகக் கிடைக்கும் மிஷின் என்றால், பழுது பார்ப்பதைவிட முழு மிஷினையே மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு சக்கரம் மட்டும் போயிருக்கும்போது அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாட்ச் பல வருடம் சர்வீஸ் பார்க்காமல் நேரமும் தவறுகிறது என்றால் யோசிக்கலாம்.

புதுச் சக்கரம் போட்டு, டயலை மாட்டுவதற்கு முன்பே பெரியவர் முள் இல்லாமல் கிரவுனைச் சுற்றி நாலைந்து நள்ளிரவுகளை ஓட்டிப் பார்த்தார். பிறகு தேதி உட்காரும் நொடியில் நிறுத்தி, இரண்டு முள்ளையும் பன்னிரண்டில் நேராக வைத்து அழுத்தினார். "சார், இது பன்னெண்டு அஞ்சு, பன்னெண்டு பத்துன்னு கொஞ்சம் முன்னப்பின்ன மாறும். அதை ஃபால்ட்டுன்னு நெனைக்காதீங்க" என்று சித்தப்பாவிடம் சொன்னார்.

இப்போது சித்தப்பா நின்ற வாட்சை எடுத்தால் முதலில் முள்ளை ஆறுக்குக் கொண்டுபோகிறார். பிப்ரவரி முடிந்து மார்ச் 1 காலை எனக்கு ஃபோன் செய்தார். 29-லிருந்து 30, 31 தாண்டி 1-க்குக் கொண்டுவந்தாராம், மூணு எண்ணும் ஒரே மாதிரி மென்மையாக ஏறியதாம்.